நுழைவு அனுமதியும் வேலை அனுமதியும்: சிறு தொழிற்சாலையில் வெளியாட்களுக்கான விதிமுறை

சிறு தொழிற்சாலை ஒன்றின் வாயில் வழியே ஒரு நாளில் உள்ளே செல்வோரில், அதன் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கணிசமானவர்கள். மூலப்பொருள் கொண்டுவரும் லாரி ஓட்டுநரும் கிளீனரும், கம்ப்ரசர் பழுதுபார்க்க வரும் மெக்கானிக்கும், கூரையின் ஒழுக்கலை அடைக்க வரும் ஆட்களும், தரத்தைப் பார்வையிட வரும் வாடிக்கையாளரும், பழைய இரும்பு எடுக்க வருபவரும் இவர்களுள் அடங்குவர். இவர்களை உள்ளே விடுவதற்குப் பெரும்பாலான சிறு தொழிற்சாலைகளில் இருக்கும் ஏற்பாடு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வாட்ச்மேனுமே. அந்த ஏற்பாடு பொருள் திருட்டைத் தடுக்கும் நோக்கில் பிறந்தது. உள்ளே வரும் ஆளின் உயிரையும், அவரால் மற்றவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்தையும் கருதிப் பிறந்ததன்று. அந்தக் குறையை எவ்வாறு நிரப்புவது என்பதே இச்சொற்பொழிவின் பொருள். எடுத்துக்காட்டுக்காகக் கோயம்புத்தூர்ப் பகுதியில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து, வண்ணம் பூசி, அனுப்பும் நாற்பது பேர் கொண்ட ஒரு தொழிற்சாலை இங்கே கற்பித்துக்கொள்ளப்படுகிறது. அதில் கடைசல் கூடம், பெயிண்ட் கூடம், அனுப்பும் கூடம் என மூன்று ஷெட்களும், ஒரு டீசல் ஜெனரேட்டர் அறையும், தின்னர் வைக்கும் ஓர் அறையும், ஒரே ஒரு வாயிலும் உண்டு.

வருகையாளரும் ஒப்பந்த வேலையாளரும்

விதிமுறை எழுத அமர்பவர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது வருகையாளரையும் ஒப்பந்த வேலையாளரையும்தான். வருகையாளர் என்பவர் தொழிற்சாலையைப் பார்க்க, பேச, பொருளை ஒப்படைக்க அல்லது எடுத்துச்செல்ல வருபவர். அவர் தொழிற்சாலையின் எந்தப் பகுதியையும் மாற்றுவதில்லை. ஒப்பந்த வேலையாளர் என்பவர் வெளி நிறுவனத்தின் அல்லது மேஸ்திரியின் ஆளாக வந்து உள்ளே ஒரு வேலையைச் செய்பவர். அவர் ஓர் இயந்திரத்தைத் திறக்கிறார், ஒரு குழாயை அறுக்கிறார், கூரைமேல் ஏறுகிறார், தீப்பொறி உண்டாக்குகிறார். முன்னவர் ஆபத்துக்கு ஆட்படக்கூடியவர் மட்டுமே. பின்னவர் ஆபத்துக்கு ஆட்படக்கூடியவராகவும், புதிய ஆபத்தை உள்ளே கொண்டுவருபவராகவும் இருக்கிறார். ஒரே நோட்டில் ஒரே வரியில் இருவரையும் எழுதிக்கொண்டு உள்ளே விடும் வழக்கத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

இதிலிருந்து விதிமுறையின் அடிப்படைக் கோட்பாடு கிடைக்கிறது: வாயிலைக் கடப்பதற்கான அனுமதி வேறு, உள்ளே வேலையைத் தொடங்குவதற்கான அனுமதி வேறு, முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. முதலாவதை நுழைவுச் சீட்டு என்றும், இரண்டாவதை வேலை அனுமதிச் சீட்டு என்றும் அழைக்கலாம். நுழைவுச் சீட்டை வாயிலில் காவலர் தரலாம். வேலை அனுமதிச் சீட்டை, வேலை நடக்கும் இடத்தை நேரில் சென்று பார்த்த பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே தர முடியும். ஏனெனில் அது அந்த இடம் அந்த நேரத்தில் எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றிய சான்று.

லாரி ஓட்டுநரை இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டவராகக் கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும். அவர் வருகையாளர்தான் என்றாலும், பின்னோக்கி நகரும் வண்டி என்னும் ஆபத்தைத் தன்னுடன் கொண்டுவருகிறார். ஆகையால், சுமை ஏற்றி இறக்கும்வரை வண்டியின் சாவி அனுப்பும் கூடத்தில் ஒப்படைக்கப்படவும், சக்கரத்துக்கு அடைகட்டை வைக்கப்படவும், ஓட்டுநரும் கிளீனரும் குறித்த ஓரிடத்தில் காத்திருக்கவும் ஒரு தனி விதி போதுமானது. சுமை இறங்கி முடிவதற்குள் ஓட்டுநர் வண்டியை நகர்த்திவிடுவது அனுப்பும் கூடங்களில் அறியப்பட்ட விபத்து வகை. சாவி வேறொருவர் கையில் இருப்பது அதற்கு எளிய தடை.

பொறுப்பு யாருடையது

வெளியாளுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவரை அனுப்பிய காண்ட்ராக்டரே பொறுப்பு என்னும் எண்ணம் உரிமையாளர்கள் பலரிடம் உறுதியாக நிலவுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. அச்சட்டத்தின் பிரிவு 2(எல்) தொழிலாளி என்பவரை வரையறுக்கும்போது, நேரடியாகவோ ஒப்பந்ததாரர் உள்ளிட்ட ஏதேனும் முகமை வழியாகவோ அமர்த்தப்பட்டவர் என்றும், அது முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ நடந்திருந்தாலும் என்றும் சேர்த்தே கூறியது. உற்பத்தி வேலையோடு, அதற்குப் பயன்படும் இயந்திரத்தையோ இடத்தையோ சுத்தம் செய்யும் வேலையையும் அந்த வரையறை உள்ளடக்கியது. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 7-ஏ, தொழிற்சாலையில் வேலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளர்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றை நடைமுறைக்கு இயன்ற அளவு உறுதிசெய்யும் கடமையை, தொழிற்சாலையின் நடவடிக்கைகள்மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவராகிய உடைமைப் பொறுப்பாளர்மீது வைத்தது. இச்சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, வேலையிடத்தில் இருக்கும் பிறரையும், அவர்கள் அங்கிருப்பது வேலையளிப்பவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அவருடைய பொறுப்புக்குள் கொண்டுவருகிறது.

தெரிந்தோ தெரியாமலோ என்னும் இந்தத் தொடர் வாயில் நோட்டின் தகுதியையே மாற்றிவிடுகிறது. ஒருவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று கூறுவது உரிமையாளருக்கு உதவாது என்றால், உள்ளே இருப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடுதான் அவருக்கு உள்ள ஒரே காப்பு. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த வரம்பைத் தொகுப்புச் சட்டம் இருபதாக உயர்த்தியிருப்பதால் தமக்கு இவை பொருந்தா என்று கருதும் மிகச் சிறிய பட்டறைகளும் உண்டு. ஆனால் கூரையிலிருந்து விழுபவருக்கு நஷ்ட ஈடு கோரப்படும்போது ஆள் எண்ணிக்கை மட்டும் விடையாகிவிடாது. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 12, தம் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டவர், அந்த ஒப்பந்ததாரரின் ஆளுக்கு இழப்பீடு தர வேண்டியவராவார் என்றும், பின்னர் அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பெருந்தொகையை வசூலிப்பது எவ்வளவு நடக்கும் என்பதை உரிமையாளரே ஊகிக்கலாம். எனவே, ஒப்பந்ததாரரிடம் இ.எஸ்.ஐ. பதிவோ, அது பொருந்தாத இடத்தில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடோ நடப்பில் உள்ளதா என்பதை வேலை ஆணை கொடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஆட்கள் வாயிலில் வந்து நின்றபின் கேட்கப்படும் காப்பீட்டுத் தாளை யாரும் வலியுறுத்துவதில்லை.

வாயிலில் நடக்க வேண்டியவை

வாயிலில் பயன்படும் பதிவு எளிமையாக இருந்தாலன்றி அது நிரப்பப்படாது. பெயர், நிறுவனம், கைபேசி எண், யாரைப் பார்க்க அல்லது எந்த வேலைக்கு வந்தார், எந்த ஷெட்டுக்கு, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகிய ஏழு கட்டங்கள் போதும். இவற்றில் பெரும்பாலும் காலியாக விடப்படுவது கடைசிக் கட்டம். ஆனால் தீ விபத்து நேரும்போது பயன்படுவது அது ஒன்றே. தீயணைப்பு வண்டி வந்து உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்கும்போது, வெளியேறிய நேரம் எழுதப்படாத ஒவ்வொரு வரியும் உள்ளே சிக்கியிருக்கக்கூடிய ஓர் ஆளாகிவிடுகிறது. அந்த ஆளைத் தேடித் தீயணைப்பு வீரர் புகைக்குள் நுழைய நேரிடும். இதைத் தவிர்க்க எண்ணிட்ட பிளாஸ்டிக் பேட்ஜ்களைப் பலகை ஒன்றின் ஆணிகளில் மாட்டிவைப்பது பயன்தரும் முறை. உள்ளே செல்பவர் ஒரு பேட்ஜை எடுத்து அணிகிறார். வெளியேறும்போது திருப்பி மாட்டுகிறார். காலியாக இருக்கும் ஆணிகளின் எண்ணிக்கையே உள்ளிருக்கும் வெளியாட்களின் எண்ணிக்கை. வருகையாளருக்கு ஒரு நிறமும், ஒப்பந்த வேலையாளருக்கு வேறு நிறமும் இருந்தால், துணையின்றி நடமாடும் வருகையாளரைக் கடைசல் கூடத்தில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் அடையாளம் கண்டுகொள்ள முடியும். விபத்து நேரத்தில் எல்லோரும் கூட வேண்டிய திடலுக்குக் காவலர் இந்தப் பலகையையும் நோட்டையும் எடுத்துச்செல்ல வேண்டும் என்பது விதியாக எழுதப்பட வேண்டும்.

அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது தேவை. அதன் ஜெராக்ஸை வாங்கி நோட்டில் ஒட்டிவைப்பது தேவையற்றது மட்டுமன்றித் தீங்கும்கூட. யாருடைய ஆதார் நகலோ வாயில் மேசையில் கேட்பாரற்றுக் கிடப்பதை எந்த விதிமுறையும் நியாயப்படுத்த முடியாது. அட்டையைக் கையில் வாங்கி, முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டு, உடனே திருப்பிக் கொடுப்பதே சரியான முறை. அட்டையைப் பார்ப்பதன் இன்னொரு பயன் வயதைத் தெரிந்துகொள்வது. வெல்டருடன் உதவியாளாக வரும் சிறுவனைத் திருப்பியனுப்பும் கடமை காவலருக்கு உண்டு. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்துவதைச் சட்டம் தடைசெய்கிறது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை ஆபத்தான வேலையில் அமர்த்துவதையும் தடைசெய்கிறது. தன் மாமாவுடன் வந்த பையன், சும்மா உட்கார்ந்திருப்பான் என்று சொல்லப்படும் விளக்கம் உள்ளே சென்றதும் மாறிவிடும்.

தொழிற்சாலையை மூன்று வட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நுழைவுச் சீட்டுக்குப் பொருள் தருகிறது. அலுவலகமும் வரவேற்பும் முதல் வட்டம். அங்கே பேட்ஜ் போதும். கடைசல் கூடமும் அனுப்பும் கூடமும் இரண்டாம் வட்டம். அங்கே பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் அணிந்து, தொழிற்சாலை ஆள் ஒருவர் துணையுடன் மட்டுமே வருகையாளர் நடக்கலாம். பெயிண்ட் கூடமும், தின்னர் அறையும், மின்பலகை அறையும், ஜெனரேட்டர் அறையும் மூன்றாம் வட்டம். வருகையாளருக்கு அங்கே பொதுவாக இடமில்லை, ஒப்பந்த வேலையாளருக்கும் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் இடமில்லை. வாடிக்கையாளரின் வரைபடங்கள் மாட்டப்பட்டிருக்கும் கடைசல் கூடத்தில் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது என்னும் விதியும், தின்னர் ஆவி இருக்கக்கூடிய மூன்றாம் வட்டத்துக்குள் கைபேசியே கூடாது என்னும் விதியும் வெவ்வேறு காரணங்களுக்காக எழுந்தவை. காரணத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் இரண்டும் பின்பற்றப்படும்.

முதன்முறை வருபவருக்கு ஐந்து நிமிட விளக்கம் ஒன்று தரப்பட வேண்டும். தொழிற்சாலையின் வரலாற்றைச் சொல்லி அந்த நேரத்தைச் செலவிடாமல், நான்கு செய்திகளை மட்டும் சொல்வது நல்லது: சைரன் ஒலித்தால் எங்கே செல்ல வேண்டும், எங்கே செல்லக் கூடாது, எதைத் தொடக் கூடாது, அடிபட்டால் யாரிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்த வேலைக்கு வருவோருள் இந்தி, ஒடியா, வங்காளம் பேசுவோர் பலர் உள்ள நிலையில், தமிழில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது விளக்கம் ஆகாது. படங்களால் ஆன ஒரு பலகையும், கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்வதுமே விளக்கம் புரிந்ததற்குச் சான்று.

வேலை அனுமதிச் சீட்டு

வேலை அனுமதிச் சீட்டு என்பது, இன்ன இடத்தில், இன்ன வேலையை, இன்னார், இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை செய்யலாம் என்றும், அதற்கு முன் இன்னின்ன முன்னேற்பாடுகள் செய்து முடிக்கப்பட்டன என்றும், இடத்தைப் பார்த்த பொறுப்பாளரும் வேலை செய்பவரும் கையெழுத்திடும் தாள். எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. எல்லா வேலைக்கும் கேட்டால் அது வெறும் சடங்காகிவிடும். சிறு தொழிற்சாலைக்கு நான்கு வகை வேலைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது போதும். அவை: வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் போன்ற தீப்பொறி எழும் வேலை, கூரை முதலான உயரத்தில் செய்யும் வேலை, மின்சாரத்தையோ இயந்திரத்தின் காவல் மூடியையோ கழற்றிச் செய்யும் வேலை, தொட்டி, குழி, சம்ப் போன்ற அடைப்பான இடத்துக்குள் இறங்கும் வேலை.

கடைசி வகையில் சிறு தொழிற்சாலை ஒன்று தனக்குத் தானே வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்குக் காற்றின் உயிர்வளி அளவையும் நச்சு வாயுவையும் அளக்கும் கருவி, காற்றுச் செலுத்தும் ஏற்பாடு, மீட்புக் கயிறும் முக்காலியும், பயிற்சி பெற்ற வெளிக் காவலாள் ஆகியவை வேண்டும். இவை நாற்பது பேர் தொழிற்சாலையில் இருப்பதில்லை. தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களும் இறப்பது இவ்வகை விபத்துகளில் திரும்பத்திரும்பக் காணப்படும் நிகழ்வு. முதலாமவரைச் சாய்த்த அதே ஹைட்ரஜன் சல்பைடு இரண்டாமவரையும் ஓரிரு மூச்சுகளில் சாய்த்துவிடுகிறது, அழுகிய முட்டை நாற்றம் அளவு மிகும்போது மூக்குக்குத் தெரியாமலும் போகிறது. ஆகையால், தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை, உறிஞ்சு வண்டியே வரும் என்று விதிமுறையில் எழுதிவிடுவதுதான் நேர்மையானது.

அனுமதிச் சீட்டு தாளில் இருந்தும் செய்தி கைமாறாமல் போனால் என்ன நிகழும் என்பதற்கு வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையே உலகறிந்த சான்று. 1988 ஜூலை 6 அன்று அங்கே இரண்டு பம்புகளுள் ஒன்றின் பாதுகாப்பு வால்வை வெளி நிறுவன ஆட்கள் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகத் தகட்டால் மூடிவைத்திருந்தனர். வால்வு இல்லை என்னும் செய்தி இரவுப் பணியினரைச் சென்றடையவில்லை. மற்றொரு பம்பு நின்றபோது அவர்கள் இதை இயக்கினர். கசிந்த வாயு வெடித்து 167 பேர் இறந்தனர். கல்லன் பிரபு தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1990-இல் வெளியானபோது, வேலை அனுமதி முறை எழுத்தில் இருந்தபடி நடைமுறையில் இல்லாததை விரிவாக எடுத்துக்காட்டியது. அளவில் ஒப்பிட முடியாவிட்டாலும், சிறு தொழிற்சாலைக்கும் பொருந்தும் பாடம் அதில் உண்டு: வேலை தொடங்கும்போது இடப்படும் கையெழுத்தைவிட, வேலை முடிந்தது அல்லது பாதியில் நிற்கிறது என்று இடப்படும் கையெழுத்தே உயிர் காப்பது.

ஒரு சனிக்கிழமை வேலை

இக்கோட்பாடுகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை, மேலே கற்பித்துக்கொண்ட தொழிற்சாலையில் ஒரு வேலையை எடுத்துப் பார்ப்பதன் மூலம் தெளிவாக்கலாம். பெயிண்ட் கூடத்தில் ஸ்பிரே பூத்தின் ஆவியை வெளியேற்றும் தகட்டுக் குழாய், கூரையை ஒட்டிய வளைவில் கிழிந்திருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் வெல்டர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வருகின்றனர். காவலர் இருவரையும் பதிந்து, ஒப்பந்த வேலையாளர் நிறப் பேட்ஜ் கொடுத்து, பெயிண்ட் கூடத்தின் சூப்பர்வைசரை அழைக்கிறார். அவர் வரும்வரை இருவரும் வாயிலிலேயே இருக்க வேண்டும். வெல்டிங் இயந்திரமும் கேபிளும் உள்ளே போய்விட்டால் வேலையும் தொடங்கிவிடும்.

சூப்பர்வைசர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வேலையை இங்கே செய்தாக வேண்டுமா என்பது. குழாயின் அந்தத் துண்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தால், அதைக் கழற்றி, திறந்த வெளியில் வைத்து ஒட்டவைத்து மீண்டும் மாட்டிவிடலாம். அப்போது பெயிண்ட் கூடத்துக்குள் தீப்பொறிக்கே இடமில்லாமல் போகிறது. அது முடியாதபோதுதான் சீட்டு எழுதப்படுகிறது. ஸ்பிரே வேலை முழுவதும் நிறுத்தப்பட்டு, கூடம் காற்றோட்டம் பெறும் வகையில் திறந்துவைக்கப்பட வேண்டும். தின்னர் டின்களும் பெயிண்ட் டின்களும், காலியானவை உட்பட, வெளியே கொண்டுசெல்லப்பட வேண்டும்; காலி டின்னில் மிஞ்சியுள்ள ஆவி, நிறைந்த டின்னைவிட எளிதில் வெடிக்கக்கூடியது. தீப்பொறி விழக்கூடிய சுற்றுப்பரப்பு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகளில் 35 அடி, அதாவது ஏறத்தாழ 11 மீட்டர் என்று கொள்ளப்படுகிறது; சிறிய கூடத்தில் இது பெரும்பாலும் முழுக் கூடத்தையும், சுவருக்கு அப்பால் உள்ள அனுப்பும் கூடத்தின் அட்டைப்பெட்டிக் குவியலையும் தொட்டுவிடும்.

இந்த வேலையில் எளிதில் கவனத்துக்குத் தப்புவது குழாயின் உட்புறம். பல மாதங்கள் ஓடிய குழாயின் உள்ளே உலர்ந்த பெயிண்ட் தூள் விரல் அளவு தடித்துப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தகடு மட்டுமே தெரியும். வெல்டிங் வெப்பத்தில் அந்தப் படிவு பற்றிக்கொண்டால், தீ குழாய்க்குள்ளேயே கூரையைக் கடந்து செல்லும். ஆகவே, ஆய்வுக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் படிவைத் தீப்பொறி எழுப்பாத கருவியால் சுரண்டி எடுத்தபின்பே சீட்டில் கையெழுத்திட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனின் மின்சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியை வெல்டரிடமே கொடுத்து, ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதீர் என்னும் அட்டையைத் தொங்கவிட வேண்டும். அணைத்துவிட்டேன் என்னும் வாய்ச்சொல் பூட்டுக்கு ஈடாகாது. வேறொருவர் வந்து புகை நிறைகிறதே என்று இரக்கப்பட்டு ஃபேனைப் போட்டுவிடலாம், அப்போது ஃபேன் பொறியைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

தீயணைப்பானுடன் ஒருவர் தீக்காவலராக நிறுத்தப்படுகிறார். அவருக்கு வேறு வேலை கொடுக்கப்படக் கூடாது. வெல்டருக்குக் கம்பி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் தீக்காவலர் ஆக முடியாது, ஏனெனில் அவர் கண் கம்பியில் இருக்கும். வேலை முடிந்தபின்னும் தீக்காவலர் அங்கேயே இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி இதற்கு அரை மணி நேரம் கேட்கிறது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 51-பி தரநிலை 2019 பதிப்பிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் கேட்கிறது. அட்டைப்பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் விழுந்த பொறி உடனே தீயாவதில்லை. கனன்று, வேலை முடித்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனபின் தீயாகிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடியும் வெல்டிங், ஆறு மணிவரை ஒரு காவலரைக் கேட்கிறது என்பதை ஒத்துக்கொள்ள முடியாவிட்டால், நான்கு மணிக்கே வெல்டிங்கை நிறுத்திவிட வேண்டும்.

நான்கு மணி அளவில் இரண்டு நிகழ்வுகள் இயல்பாக நேரும். முதலாவது, வெல்டரின் தம்பி இருசக்கர வாகனத்தில் கேஸ் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அண்ணன் உள்ளே இருக்கிறார் என்று சொல்லி நேரே கூடத்துக்குள் போய்விடுவார். அவர் நோட்டிலும் இல்லை, பலகையிலும் இல்லை, வெல்டிங்குக்கு மட்டும் எழுதப்பட்ட சீட்டில் கேஸ் கட்டிங்கும் இல்லை. இரண்டாவது, கூடத்தின் மூத்த தொழிலாளி வெல்டரைப் பார்த்து, வந்ததே வந்தீர்கள், அப்படியே கூரையில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் போல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று கேட்பார். வெல்டரும் மறுக்க மனமில்லாமல் ஏணியை எடுப்பார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. போல்ட் வரிசையை விட்டுக் கால் நகர்ந்ததும் உடைந்து, கீழே உள்ள கான்கிரீட் தரைக்கு ஆளை இறக்கிவிடும். அதில் ஏறுவதற்குத் தாங்குபலகையும், பாதுகாப்புக் கச்சையும், கச்சையைக் கட்ட உறுதியான பிடிமானமும் வேண்டும். அன்பால் கேட்கப்பட்ட இந்த உதவியே முன்னேற்பாடு அனைத்தையும் கடந்து நிற்கும் வேலை. ஆகவே, சீட்டில் எழுதப்படாத வேலை எதுவும் அன்று செய்யப்படாது, புதிய ஆளோ புதிய கருவியோ புதிய இடமோ வந்தால் பழைய சீட்டு அந்தக் கணமே செல்லாது என்னும் விதி, வெல்டருக்கு மட்டுமன்றித் தொழிற்சாலையின் சொந்த ஆட்களுக்கும் சொல்லித்தரப்பட வேண்டும்.

வேலை முடிந்ததும் வெல்டர் பூட்டைத் திறந்து, சூப்பர்வைசர் இடத்தைச் சுற்றிப் பார்த்து, காவல் நேரம் முடிந்தபின் சீட்டில் இருவரும் முடிவுக் கையெழுத்திடுகின்றனர். அதன்பின்பே வாயிலில் பேட்ஜ் திருப்பி மாட்டப்படுகிறது. வேலை பாதியில் நின்றால், குழாய் திறந்திருக்கிறது, ஃபேனைப் போடாதீர் என்று எழுதிய அட்டையுடன் பூட்டு அங்கேயே இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை வருபவருக்கு அந்தச் செய்தி வாயிலிலேயே கிடைக்க வேண்டும்.

விதிமுறை நீர்த்துப்போவதைக் கண்டறிதல்

இத்தகைய விதிமுறை இரண்டு பக்கங்களுக்கு மேல் நீளத் தேவையில்லை. ஆனால் அது எழுதப்பட்ட சில மாதங்களில் எந்த வழியாக நீர்த்துப்போகிறது என்பதை உரிமையாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கான அடையாளங்கள் தாள்களிலேயே தென்படும். வாயில் நோட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், வட்டமான நேரங்களுடன் நிரம்பியிருந்தால், அது மாலையில் உட்கார்ந்து எழுதப்பட்டது. அனுமதிச் சீட்டில் தொடக்கக் கையெழுத்தும் முடிவுக் கையெழுத்தும் ஒரே நேரத்தில் இடப்பட்டிருந்தால், சூப்பர்வைசர் இடத்துக்குச் செல்லவில்லை. மூன்று மாதங்களில் ஒரு சீட்டுகூட மறுக்கப்படாமலோ, நிறுத்திவைக்கப்படாமலோ இருந்தால், அந்தச் சீட்டு யாரையும் சிந்திக்கவைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு பலவீனம் காவலரின் நிலை. அவர் பெரும்பாலும் வெளி முகமையின் மூலம் வந்தவர். குறைந்த ஊதியம் பெறுபவர். காரில் வரும் வாடிக்கையாளரையோ, உரிமையாளரின் நண்பரையோ நிறுத்திக் கேட்கும் துணிவு அவரிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஒருமுறை ஒருவர் பேட்ஜ் இல்லாமல் அழைத்துச் செல்லப்பட்டால், அடுத்த முறை காவலர் யாரையும் கேட்க மாட்டார். உரிமையாளரின் குடும்பத்தினரும், தணிக்கையாளரும் உட்பட எல்லோரும் பேட்ஜ் அணிய வேண்டும் என்னும் விதியில் உரிமையாளரே முதலில் நின்றால்தான் காவலரின் கேள்விக்குப் பலம் கிடைக்கும். தொழிற்சாலை ஆய்வாளர், மின்வாரிய அதிகாரி, தீயணைப்புத் துறையினர் ஆகியோரைப் பொறுத்தவரை, அவர்களுக்குச் சட்டப்படி உள்ள நுழைவு உரிமையைத் தாமதப்படுத்தாமல், பேட்ஜும் துணையும் கொடுத்து உடனே அழைத்துச் செல்வதே விதியாக இருக்க வேண்டும்.

விதிமுறை உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன்னறிவிப்பின்றி ஒரு பிற்பகலில் மேலாளர் வாயில் பலகையில் காலியாக உள்ள ஆணிகளை எண்ணிக்கொண்டு, மூன்று ஷெட்களிலும் கூரைமேலும் பின்புறச் சந்திலும் நடந்து, கண்ணில் படும் வெளியாட்களை எண்ண வேண்டும். இரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் காவலரைக் கண்டிப்பதற்கு முன், அதிகமாக இருந்த ஆள் எந்த வழியாக, யாருடைய அழைப்பில் உள்ளே வந்தார் என்பதைக் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் அந்த வழி பொருட்களை இறக்க எப்போதும் திறந்தே வைக்கப்பட்ட பின்கதவாகவோ, அந்த அழைப்பு வேலையைச் சீக்கிரம் முடிக்க விரும்பிய நல்ல எண்ணம் உள்ள சொந்த ஊழியருடையதாகவோ இருக்கும். விதிமுறையில் அடுத்துத் திருத்தப்பட வேண்டிய வரி அதுவே. அந்தத் திருத்தத்தை அன்றே எழுதி, அந்த வாரத்துக்குள் எல்லா ஷெட்களிலும் படித்துக்காட்டுவது மேலாளரின் கடமை.